பிடிஎஃப்-இல் சில பக்கங்கள் மட்டும் வேண்டும்: பிரின்ட் கொடுத்துச் சேமிப்பதா, பக்கங்களைப் பிரித்தெடுப்பதா?

பெரிய பிடிஎஃப் ஒன்றில் நமக்கு வேண்டியது ஏழெட்டுப் பக்கம்தான் என்றால் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். Ctrl+P அழுத்தி, பிரின்டர் இருக்கும் இடத்தில் Save as PDF அல்லது Microsoft Print to PDF என்று மாற்றி, பக்க எண்களைக் கொடுத்து, புதுப் பெயரில் சேமித்துவிடுவது. தனி மென்பொருள் வேண்டாம், எங்கும் பதிவேற்ற வேண்டாம், காசும் வேண்டாம். அடோபியின் இலவச ரீடரில் பக்கங்களைப் பிரித்தெடுக்கும் வசதி கிடையாது, அதற்குக் கட்டணப் பதிப்பு வேண்டும், ஆனால் பிரின்ட் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. அதனால் இந்த வழி பரவியதில் ஆச்சரியமே இல்லை.

நல்ல வழிதான். நானும் அடிக்கடி இதைத்தான் செய்கிறேன். ஆனால் இதையும் 'பக்கத்தைப் பிரித்தெடுப்பது' என்பதையும் ஒன்றாக நினைத்துவிட்டால், வெளியே வரும் கோப்பில் சில விஷயங்கள் காணாமல் போயிருக்கும், நமக்குத் தெரியவும் தெரியாது. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும் என்பதுதான் சிக்கலே.

பிரின்ட் கொடுக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். பிடிஎஃப்-ஐத் திறந்து வைத்திருக்கும் செயலி, அந்தப் பக்கம் காகிதத்தில் எப்படித் தெரிய வேண்டுமோ அப்படி ஒருமுறை வரைந்து காட்டுகிறது, அந்த வரைதலைப் பிடித்து Save as PDF என்ற அந்தப் போலி பிரின்டர் இன்னொரு பிடிஎஃப்-ஆக எழுதி வைக்கிறது. காகிதத்தில் இணைப்பைச் சொடுக்க முடியாது, காகிதத்துக்குப் பக்கவாட்டில் திறக்கும் பொருளடக்கப் பட்டியலும் கிடையாது, எனவே அவை வரைதலில் வருவதில்லை. பிரித்தெடுப்பது அப்படியல்ல. மூலக் கோப்புக்குள் அந்தப் பக்கமாக இருக்கும் பகுதியையே, அதற்கு வேண்டிய எழுத்துருக்கள், படங்கள், இணைப்புகளோடு அப்படியே தூக்கிப் புதுக் கோப்பில் வைக்கிறது. ஒன்று அச்சில் எடுத்த பிரதி, மற்றது தாளையே கழற்றி எடுப்பது.

சரி, ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டே போவோம். இயந்திரம் ஒன்றின் பராமரிப்புக் கையேடு, 312 பக்கம், எல்லாம் ஏ4. பழுதுபார்க்கும் நண்பருக்கு அதில் ஓர் அத்தியாயம் மட்டும் வேண்டும், அச்சிட்ட எண்படி 45 முதல் 52 வரை. கூடவே 78ஆம் பக்கத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது, துளைகள் போட வேண்டிய இடத்தை உண்மையான அளவிலேயே காட்டுவது, ஓரத்தில் 100 மில்லிமீட்டர் என்று ஒரு அளவுகோடும் போட்டிருக்கிறார்கள்.

முதல் சிக்கல் பக்க எண்ணிலேயே வரும். கையேட்டின் முன்பகுதியில் அட்டை, பொருளடக்கம், எச்சரிக்கை என்று 12 பக்கங்கள் ரோமன் எண்ணில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளின் அடியில் 45 என்று போட்டிருக்கும் பக்கம் கோப்பில் 57ஆவது பக்கம். பிரின்ட் பெட்டி பொதுவாகக் கோப்பின் வரிசையைத்தான் எடுத்துக்கொள்ளும். சில செயலிகள் மட்டும், கோப்புக்குள் பக்கப் பெயர்கள் பதிந்திருந்தால் அவற்றை எடுத்துக்கொள்ளும், எனவே உங்கள் செயலி எதை எடுக்கிறது என்று முன்னோட்டத்தில் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். இங்கே நாம் கொடுக்க வேண்டியது இது:

```
57-64, 90
```

மொத்தம் 9 பக்கம். குரோமில் Pages என்ற இடத்தில் Custom என்று மாற்றினால்தான் இதை எழுதக் கட்டம் வரும். சேமிக்கும்போது மூலக் கோப்பின் பெயரையே கொடுத்துவிடாதீர்கள், 312 பக்கமும் போய் 9 பக்கம்தான் மிஞ்சும். பழைய வேலைக்காக ஒரு தாளில் இரண்டு பக்கம் என்று எப்போதோ வைத்த அமைப்பு அப்படியே நின்றிருந்தால் புதுக் கோப்பிலும் இரண்டிரண்டாகத்தான் வரும், அதையும் முன்னோட்டத்திலேயே பிடித்துவிடலாம்.

அத்தியாயத்தின் எட்டுப் பக்கங்களை நண்பர் படிக்க மட்டும்தான் போகிறார் என்றால் இதோடு வேலை முடிந்தது. அந்த ஒரு வரைபடம்தான் கவனிக்க வேண்டியது.

பிரின்ட் என்றாலே அதற்கு ஒரு தாள் அளவு உண்டு, காகிதமே இல்லாத பிரின்டருக்கும் உண்டு. பல கணினிகளில் அது லெட்டர் என்று இருக்கும், அதாவது 215.9 × 279.4 மிமீ. நம் பக்கமோ ஏ4, 210 × 297 மிமீ. உயரம் போதாது என்று செயலி பக்கத்தைச் சுருக்கிவிடும். 279.4-ஐ 297-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.94. அதாவது 100 மிமீ என்று போட்டிருக்கும் கோடு 94 மிமீ ஆகிவிடும், இரண்டு துளைகளுக்கு நடுவே 160 மிமீ இருக்க வேண்டிய இடத்தில் 150.5 மிமீ தான் இருக்கும். திரையில் பார்ப்பவருக்கு இது சுத்தமாகத் தெரியாது, ஏனென்றால் படமும் எழுத்தும் சேர்ந்தே சுருங்கியிருக்கின்றன, கோட்டின் மேல் 100 மிமீ என்றுதான் எழுதியிருக்கும். நண்பர் அதை அச்சிட்டுத் தகட்டின் மேல் ஒட்டித் துளை போட்ட பிறகுதான் தெரியும், அதுவும் பகுதி பொருந்தாமல் போகும்போது.

தாள் ஏ4 என்றே இருந்தாலும் முழுக்க நிம்மதி இல்லை. Fit என்ற தேர்வு இருந்தால், அச்சிட முடியாத ஓரங்களை விட்டுவிட்டு உள்ளே அடக்க வேண்டும் என்று சில சதவீதம் சுருக்கிவிடும். அடோபி ரீடரில் Fit, Actual size, Shrink oversized pages, Custom Scale என்று நான்கு தேர்வுகள் இருக்கும், அளவு முக்கியமென்றால் Actual size மட்டும்தான். அதற்கு முன்னால் Properties அல்லது Page Setup போய்த் தாளை மூலத்தின் அளவுக்கே மாற்ற வேண்டும். சேமித்த பிறகு புதுக் கோப்பின் Document Properties-ஐத் திறந்து பக்க அளவைப் பாருங்கள். அது மூலத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் சுருங்கியிருக்கிறது அல்லது ஓரத்தில் வெற்றிடம் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒத்துப்போனாலும் உள்ளே சுருங்கியிருக்க வாய்ப்புண்டு, எனவே மூலத்தையும் புதியதையும் 100% பெரிதாக்கத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அந்த அளவுகோடு ஒரே நீளம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உறுதியான சோதனை.

இத்தனையையும் சரிபார்ப்பதற்குப் பதில் பக்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டால் தாள் அளவு என்ற பேச்சே வராது. மூலத்தில் என்ன அளவோ அதே அளவு. வெவ்வேறு அளவுப் பக்கங்கள் கலந்த கோப்பென்றால், அதாவது நடுநடுவே ஏ3 வரைபடம் மடித்து வைத்தது மாதிரி இருந்தால், பிரின்ட் வழியில் அவை எல்லாம் ஒரே தாளுக்குள் திணிக்கப்படும் வாய்ப்பு அதிகம். அளந்து பயன்படுத்த வேண்டிய எதற்கும், தையல் வெட்டு வடிவமோ கட்டட வரைபடமோ, பிரின்ட் வழியை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

பிரித்தெடுக்க மேக்கில் எதுவும் தனியாக வேண்டாம். ப்ரிவியூவில் ஓரத்தில் சிறு பக்கப் படங்கள் தெரியும்படி வைத்து, வேண்டியவற்றைத் தேர்ந்தெடுத்து டெஸ்க்டாப்புக்கு இழுத்துப் போட்டால் போதும். விண்டோஸிலும் லினக்ஸிலும் qpdf என்ற இலவசக் கருவி இருக்கிறது, கட்டளை வரியில் ஓடுவது, பார்க்கப் பயமாக இருந்தாலும் ஒரே ஒரு வரிதான்:

```
qpdf manual.pdf --pages . 57-64,90 -- part.pdf
```

நடுவில் இருக்கும் புள்ளி, முதலில் சொன்ன அதே கோப்பைத்தான் குறிக்கிறது. pdftk என்ற இதே மாதிரிக் கருவியை வைத்திருப்பவர்கள் இப்படி எழுதலாம்:

```
pdftk manual.pdf cat 57-64 90 output part.pdf
```

இவை இரண்டும் எண்ணுவது கோப்பின் வரிசையைத்தான், தாளில் அச்சிட்ட எண்ணை அல்ல. பக்கம் பிரித்துத் தரும் இணையதளங்களும் நிறைய இருக்கின்றன, பாட்டுப் புத்தகத்துக்கு ஓகே, ஆனால் சம்பளச் சீட்டையோ மருத்துவ அறிக்கையையோ யாரென்றே தெரியாத சர்வருக்கு ஏற்ற நான் தயாரில்லை. இரண்டு வழிகளும் நம் கணினிக்குள்ளேயே நடக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

அடுத்து எழுத்து. தமிழ்க் கோப்புகளோடு வேலை செய்பவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். பிடிஎஃப் பக்கத்தில் எழுத்தின் வடிவம் ஒன்று, 'இந்த வடிவம் இந்த எழுத்து' என்று சொல்லும் பட்டியல் இன்னொன்று. தேடுவதும் நகலெடுப்பதும் அந்தப் பட்டியலை நம்பித்தான் நடக்கின்றன. பிரின்ட் வழியில் வடிவம் அப்படியே வந்துவிடும், பட்டியல் வரலாம், அரைகுறையாக வரலாம், வராமலும் போகலாம், அது எந்தச் செயலியிலிருந்து எந்த பிரின்டருக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. தமிழில் ஒரே எழுத்து பல துண்டு வடிவங்களாகப் பிரிந்து நிற்பதால், கொம்பும் காலும் தனித்தனி வடிவங்கள் என்பதால், ஆங்கிலத்தைவிட இங்கே சேதம் சீக்கிரம் தெரியும். சில செயலிகள் பக்கம் முழுவதையும் ஒரே படமாக மாற்றியே அனுப்பிவிடும், Print as image என்ற பெட்டியில் டிக் இருந்தாலும் அதே கதைதான், அப்போது ஒரு எழுத்தைக்கூடத் தேர்ந்தெடுக்க முடியாது.

சோதிப்பது சுலபம். புதுக் கோப்பில் கண்ணுக்குத் தெரியும் ஒரு சொல்லை Ctrl+F கொடுத்துத் தேடுங்கள். அப்புறம் ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். கட்டம் கட்டமாகவோ எழுத்துகள் இடம் மாறியோ வந்தால் மூலக் கோப்பிலும் அதே வரியை ஒட்டிப் பாருங்கள். மூலத்தில் சரியாக வந்து புதியதில் வரவில்லை என்றால் பிரின்ட்தான் காரணம், பிரித்தெடுத்தால் சரியாகிவிடும். மூலத்திலேயே குப்பையாக வந்தால், அது பழைய எழுத்துருக் குறியீட்டில் அடித்ததாகவோ அந்தப் பட்டியலே சரியாக இல்லாததாகவோ இருக்கலாம், இரண்டு வழியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளை நம்பிப் படிப்பவருக்கு அனுப்புவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், பிரித்தெடுங்கள். எது தலைப்பு, எது பட்டியல், எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று மூலத்தில் குறித்து வைத்திருக்கும் அமைப்பு பிரின்ட் வழியில் பெரும்பாலும் போய்விடும், கேட்பவருக்கு அது வெறும் சொற்குவியல்தான்.

இணைப்புகளும் பக்கவாட்டுப் பொருளடக்கமும் பிரின்ட்டில் வராது என்று சொன்னேன். பிரித்தெடுத்தால் வெளித்தளத்துக்குப் போகும் இணைப்பு வேலை செய்யும், ஆனால் 'பக்கம் 130 பார்க்க' என்பது மாதிரி நாம் எடுக்காத பக்கத்துக்குப் போகும் இணைப்பு எங்கேயும் போகாது. மேலே கொடுத்த qpdf வரியில் மூலத்தின் பொருளடக்கப் பட்டியல் முழுசாகவே கூட வந்து நிற்கும், அதில் பெரும்பாலான தலைப்புகளைச் சொடுக்கினால் ஒன்றும் நடக்காது. அது வேண்டாம் என்றால் மூலத்தை முதன்மைக் கோப்பாகக் கொடுக்காமல் வெறுங்கோப்பிலிருந்து தொடங்கச் சொல்லலாம்:

```
qpdf --empty --pages manual.pdf 57-64,90 -- part.pdf
```

இதுவரை பிரின்ட்டுக்கு எதிராகவே பேசிக்கொண்டிருக்கிறேன், ஆனால் பிரின்ட்தான் சரியான தேர்வாக இருக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு, அவை சின்ன விஷயங்களும் அல்ல.

பிரித்தெடுப்பது எல்லாவற்றையும் தூக்கி வருகிறது என்றேன். நாம் அனுப்ப நினைக்காதவற்றையும் தூக்கி வரும். ஓரத்தில் சக ஊழியர் போட்ட குறிப்புகள், கோப்பை உருவாக்கியவரின் பெயர், வெட்டி மறைத்த ஓரத்துக்கு வெளியே இன்னும் இருக்கும் படப்பகுதி, மேலே பார்த்த முழுப் பொருளடக்கம் என்று பலதும் புதுக் கோப்பில் ஒட்டிக்கொண்டு வரலாம். வெளியாருக்கு ஒரு ஒப்பந்தத்தின் மூன்று பக்கத்தை அனுப்புகிறோம், பக்கவாட்டில் அந்த ஒப்பந்தத்தின் மற்ற எல்லாத் தலைப்புகளும் தெரிகின்றன என்றால் நன்றாகவா இருக்கும்? பிரின்ட் வழியில் இவற்றில் பெரும்பாலானவை வராது. அடோபி ரீடரின் பிரின்ட் பெட்டியில் Comments & Forms என்ற இடத்தில் Document என்று வைத்தால் குறிப்புகளும் வராது, Document and Markups என்று இருந்தால் வந்துவிடும், இதை மட்டும் மறக்காமல் பார்க்க வேண்டும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை, இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். எழுத்தின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்து மறைத்துவிட்டு, பிரின்ட் கொடுத்துச் சேமித்தால் அடியில் இருப்பது அழிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அழியும் என்று நம்ப முடியாது. செயலி முதலில் எழுத்தை வரையும், அப்புறம் அதன் மேல் கட்டத்தை வரையும், இரண்டும் புதுக் கோப்புக்குள் போகலாம். கட்டம் இருக்கும் இடத்தை மவுஸால் தேர்ந்தெடுத்து நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், அடியில் இருக்கும் எண்கள் வந்து விழுந்தால் யாருக்கும் அதை அனுப்பக் கூடாது. பக்கத்தைப் படமாக மாற்றி அச்சிடும் வழியைத் தேர்ந்தெடுத்தால் கட்டத்துக்கு அடியில் எதுவும் மிஞ்சாது, தேடும் வசதி போய்விடும், இந்த வேலைக்கு அது போனால் போகட்டும்.

நிரப்பிய படிவமும் பிரின்ட்டுக்கு ஏற்றது. பிரித்தெடுத்தால் கட்டங்கள் கட்டங்களாகவே இருக்கும், பெறுபவர் நீங்கள் எழுதியதை மாற்ற முடியும், சில கருவிகள் பிரித்தெடுக்கும்போது படிவத் தகவலைத் தவறவிட்டு, நிரப்பிய கட்டம் வெறுமையாகத் தெரிவதும் உண்டு. பிரின்ட் கொடுத்தால் எழுதியது பக்கத்தோடு பதிந்துவிடும், எங்கே திறந்தாலும் ஒரே மாதிரி தெரியும். டிஜிட்டல் கையொப்பம் போட்ட கோப்பு மட்டும் இரண்டு வழிக்குமே பொருந்தாது. அந்தக் கையொப்பம் முழுக் கோப்பையும் சேர்த்துப் பூட்டியது, பிரின்ட் கொடுத்தால் கையொப்பத்தின் படம் மட்டும் மிஞ்சும், பிரித்தெடுத்தாலும் சரிபார்ப்பு தேறாது. சரிபார்க்கக் கூடிய ஆவணம் வேண்டும் என்று கேட்டால் முழுக் கோப்பையே அனுப்ப வேண்டியதுதான்.

கோப்பின் அளவு எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டியே சொல்வது கஷ்டம். ஸ்கேன் செய்த கறுப்பு வெள்ளைப் புத்தகங்கள் அவற்றுக்கென்றே உள்ள நெருக்கமான சுருக்க முறையில் இருக்கும், பிரின்ட் வழியில் அந்தப் படங்கள் விரிந்து வேறு முறையில் திரும்பச் சுருங்குவதால், 10 பக்கம் எடுத்தது 100 பக்க மூலத்துக்குச் சமமாகக்கூடப் பெருத்துவிடும். அப்படிப்பட்ட கோப்புக்குப் பிரித்தெடுப்பதே நல்லது. நேர் எதிராகவும் நடக்கும்: சில மென்பொருள்கள் கோப்பின் எல்லாப் பக்கத்துக்கும் பொதுவாகப் படங்கள், எழுத்துருக்களின் ஒரே பட்டியலை வைத்துவிடும், அந்த மாதிரிக் கோப்பில் ஒரு பக்கத்தைப் பிரித்தெடுத்தால் மற்றப் பக்கங்களின் படங்களும் பின்னாலேயே வந்து, ஒற்றைப் பக்கம் முழுப் புத்தக எடையில் நிற்கும். அப்படி வந்தால் qpdf வரியில் `--remove-unreferenced-resources=yes` என்று சேர்த்துப் பாருங்கள், அதற்கும் குறையாவிட்டால் பிரின்ட் வழி கைகொடுக்கும், அது அந்தப் பக்கத்தில் வரைவதை மட்டும்தான் எழுதும்.

கையேட்டுக்குத் திரும்புவோம். நண்பருக்கு நான் அனுப்புவதாக இருந்தால் 9 பக்கத்தையும் qpdf-இல் எடுத்துத்தான் அனுப்புவேன், அந்த ஒரு வரைபடத்துக்காகவே. அவர் அதைக் காகிதத்தில் எடுக்கும்போது Actual size வைக்கச் சொல்லியும், அளவுகோட்டை முதலில் ஸ்கேலால் அளந்து 100 மிமீ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் துளை போடச் சொல்லியும் ஒரு வரி எழுதுவேன், ஏனென்றால் நான் ஒழுங்காக அனுப்பினாலும் அவருடைய பிரின்டர் அதே 94 சதவீத வேலையைச் செய்யலாம். வரைபடம் வேண்டாம், அத்தியாயம் மட்டும் போதும், போனில் படித்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னால் Ctrl+P, 57-64, Save as PDF, ஒரு சொல்லைத் தேடிப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவேன்.